கத்தரிக்காய் குடிக்கும் எண்ணெய்

எங்கள் அயல்வீட்டிலே எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் இருக்கின்றார். உணவு விடயத்தில் அவருக்கு அதிக ஆசைகள் இல்லை. ஆயினும் வெள்ளிக்கிழமைகளில் மத்தியானச் சோற்றுடன் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு இல்லையென்றால் அவருடைய முகம் வாடிவிடும். சென்ற ஆண்டிலே அவருக்கு நெஞ்சுநோய் கண்டது. மருத்துவர் எண்ணெயைப் பெரிதும் குறைக்கும்படி கட்டளையிட்டார். அன்று தொடக்கம் அந்த வீட்டுச் சமையலறையில் ஒரு வழக்கு ஆரம்பமாயிற்று.

மருமகள் பொரிப்பதை நிறுத்திவிட்டுக் கத்தரிக்காயை நேரே குழம்பில் இட்டு அவித்தாள். காய் கரைந்து, தோல் மாத்திரம் மிதந்தது. மாமியார் அகப்பையால் ஒருமுறை துழாவிப் பார்த்தார்.

“பிள்ளை, இது குழம்போ, கூழோ?” என்று கேட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மருமகள் குறைந்த எண்ணெயிலே பொரிக்க முயன்றாள். ஊற்றிய எண்ணெய் முழுவதையும் காய் நொடியிலே குடித்துவிட்டது. தாச்சி வறண்டது, காய் ஒட்டிக் கருகத் தொடங்கியது. மீண்டும் ஊற்றினாள், அதுவும் போயிற்று. முடிவிலே முன்னர் செலவழித்த அளவு எண்ணெய்தான் செலவாயிற்று. போதாக்குறைக்குக் குழம்பு கைத்தது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் மோரை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிட்டார்.

எண்ணெய், கைப்பு, குழைவு என்னும் இம்மூன்று குறைகளும் ஒரே காயிலே தோன்றினாலும் அவற்றின் காரணங்கள் வெவ்வேறானவை. காரணத்தை அறிந்தால் மூன்றையும் தவிர்ப்பது கடினமன்று.

காயினுள்ளே காற்று

பள்ளி மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சிறு பரிசோதனை உண்டு. கத்தரிக்காயில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் இடுங்கள்; அது மிதக்கும். பின்பு அதனைத் தண்ணீருக்குள்ளேயே அமிழ்த்தி விரல்களால் நன்றாக அழுத்துங்கள். குமிழிகள் மேலே எழும். கத்தரிக்காயின் வெண்மையான சதை உண்மையிலே ஒரு பஞ்சு. அதன் கலங்களுக்கிடையே எண்ணிறந்த சிறு வெளிகள் உள்ளன. அவ்வெளிகளை நிரப்பி நிற்பது காற்று.

இந்தப் பஞ்சைச் சூடேறாத எண்ணெயில் இட்டால் என்ன நிகழும்? எண்ணெய் அவ்வெளிகளுக்குள் புகுந்துவிடும். உருளைக்கிழங்கின் சதை நெருக்கமானது. ஆகையால் அது இவ்வளவு எண்ணெயை உறிஞ்சுவதில்லை. ஆகவே நாம் செய்யவேண்டிய காரியம் ஒன்றே: எண்ணெயைக் காண்பதற்கு முன்னர் பஞ்சிலுள்ள துளைகளை மூடிவிட வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உள. ஒன்று உப்பு, மற்றொன்று நீராவி.

உப்பிடும் முறை

அரைக் கிலோ கத்தரிக்காயை எடுத்துக்கொள்வோம். காம்பை நீக்கி, விரல் நீளமும் விரலைவிடச் சற்றுப் பருமனும் உள்ள துண்டுகளாக நறுக்குங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பக்கம் தோல் இருக்கட்டும். ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பையும் கால் தேக்கரண்டி மஞ்சளையும் தூவிக் கையால் பிரட்டி, ஒரு வடிதட்டில் இட்டு, கீழே பாத்திரம் வைத்து, நாற்பது நிமிடங்கள் விட்டுவிடுங்கள்.

உப்பு காயின் கலங்களிலிருந்து நீரை வெளியே இழுக்கின்றது. நீரை இழந்த கலங்கள் தளர்கின்றன. தளர்ந்த சதையைக் கையால் அழுத்தும்போது காற்று வெளியேறி, வெளிகள் ஒடுங்கிவிடுகின்றன. நேரம் போதுமா என்பதைக் கடிகாரத்தைப் பாராமலே அறியலாம். ஒரு துண்டை எடுத்து வளைத்துப் பாருங்கள். பச்சைத் துண்டு முறியும். பதமான துண்டு முறியாமல் வளையும். கீழே உள்ள பாத்திரத்திலும் சிறிது கலங்கல் நீர் சேர்ந்திருக்கும்.

இனி, கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, உள்ளங்கைகளுக்கிடையே வைத்து மெதுவாகப் பிழிந்து, உலர்ந்த துவாயிலே பரப்பி ஈரத்தை ஒற்றி எடுக்கவேண்டும். பலர் உப்பிட்டு வைப்பார்கள். ஆனால் பிழியவும் துடைக்கவும் மாட்டார்கள். அவ்வாறு செய்தால் பாதிப் பயனே கிடைக்கும். ஈரத்துடன் எண்ணெயில் விழும் காய் எண்ணெயின் சூட்டைத் தணித்துவிடும். கையிலும் முகத்திலும் எண்ணெய் தெறிக்கும்.

நறுக்கிய காயைத் தண்ணீரில் போட்டுவைப்பது நமது வீடுகளில் வழக்கம். அது எதற்காக? வெட்டிய முகத்திலே காற்றுப் பட்டால் காய் கறுக்கும். தண்ணீர் அக்கறுப்பைத் தடுக்கும். ஆனால் எண்ணெய் உறிஞ்சுவதைத் தடுக்காது. உடனே உப்பிட்டுப் பொரிப்பதாயின் தண்ணீரில் இடவேண்டிய அவசியம் இல்லை.

உப்பிட்ட காயில் ஒரு பகுதி உப்பு தங்கியே இருக்கும். ஆகையால் குழம்புக்கு உப்புப் போடும்போது கையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இம்முறை உகந்ததன்று. அவர்களுக்கு நீராவி முறையே ஏற்றது. அதனைப் பின்னர் கூறுவோம்.

தாச்சியிலே

எண்ணெயைக் குறைக்க விரும்புகின்றவர்கள் செய்கின்ற முதற் பிழை, சூட்டையும் சேர்த்துக் குறைப்பதாகும். நன்றாகக் காய்ந்த எண்ணெயில் விழும் துண்டிலுள்ள நீர் உடனே ஆவியாகி வெளியே பாய்கின்றது. நாம் காணும் குமிழிகள் அந்த ஆவியே. ஆவி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் வரையில் எண்ணெய் உள்ளே புகுவது கடினம். எண்ணெய் காயாதிருந்தால் ஆவி பலமாக எழுவதில்லை. கதவு திறந்த வீடு போலக் காய் கிடக்கும்.

எண்ணெயின் பதத்தை அறிய ஒரு துண்டை மாத்திரம் முதலில் இடுங்கள். இட்டவுடன் சுற்றிலும் குமிழி பொங்கித் துண்டு மேலே வரவேண்டும். அடியிலே அமைதியாகக் கிடந்தால் இன்னும் பொறுத்திருங்கள். புகை எழுந்தால் சூடு மிஞ்சிவிட்டது. பதம் வந்தபின் அரைக் கிலோ காயை மூன்று பங்காகப் பிரித்துப் பொரியுங்கள். முழுவதையும் ஒரே முறையில் கொட்டினால் எண்ணெய் குளிர்ந்துவிடும். பிழிந்தும் துடைத்தும் பட்ட பாடு வீணாகும்.

விளிம்புகள் பொன்னிறமாகியவுடன் துளைக்கரண்டியால் அள்ளி, தாச்சியின் மேலேயே சிறிது பிடித்து எண்ணெயை வடியவிட்டு, கடதாசியில் பரப்புங்கள். இதில் தாமதம் கூடாது. அடுப்பை அணைத்துவிட்டுக் காயை எண்ணெயிலேயே விடுவது பெரும்பிழை. ஏனெனில் பொரிக்கும்போது புகும் எண்ணெயைவிட, ஆறும்போது புகும் எண்ணெய் சிறிதன்று. காய் ஆறும்போது உள்ளேயுள்ள ஆவி மீண்டும் நீராகிச் சுருங்குகின்றது. அவ்விடத்தை நிரப்ப, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகின்றது. சூட்டோடு வடித்தால் இழுபடுவதற்கு எண்ணெய் இராது.

சிறிதளவு எண்ணெயில் வதக்குகின்றவர்கள் மற்றோர் எச்சரிக்கையை மனத்திற் கொள்ளவேண்டும். தாச்சி வறண்டவுடன் மேலும் எண்ணெய் ஊற்றாதீர்கள். தீயைச் சற்றுக் குறைத்து, மூடியிட்டு, சில நிமிடங்கள் பொறுத்திருங்கள். காய் மென்மையடைந்து அதன் பஞ்சுத்தன்மை குலையும்போது, குடித்த எண்ணெயில் ஒரு பகுதியைத் திரும்பவும் கக்கும். அயல்வீட்டு மருமகள் அன்று ஊற்றிய இரண்டாவது கரண்டி எண்ணெய் உண்மையில் தேவையற்றது.

கைப்பு எங்கிருந்து வந்தது?

கைப்புக்கு உப்பே மருந்து என்பது பொதுவான நம்பிக்கை. அதில் உண்மை பாதியே உண்டு. உப்பு நாவிலே கைப்புச் சுவையை மங்கச் செய்யும். ஆனால் முற்றிய காயை இளங்காயாக மாற்றாது. கைப்பைத் தரும் பொருள்கள் செடி தன்னைக் காப்பதற்காகத் தானே ஆக்கிக்கொள்பவை. காய் முற்ற முற்றக் கைப்பும் மிகும். எனவே கைப்பை வெல்ல வேண்டிய இடம் சமையலறை அன்று, சந்தையே.

சுன்னாகத்திலோ திருநெல்வேலியிலோ சந்தைக்குச் செல்பவர்கள் பருமனைப் பார்த்து மயங்கவேண்டாம். தோல் பளபளப்பாக இருக்கின்றதா என்று பாருங்கள். மங்கிய தோல் முதிர்ச்சியின் அடையாளம். காம்பும் அதன் குல்லாவும் பச்சையாக இருத்தல் வேண்டும். பெருவிரலால் இலேசாக அழுத்துங்கள். பள்ளம் விழுந்து மெல்ல மீண்டால் நல்லது. மீளாமல் நின்றால் காய் முற்றியது அல்லது வாடியது. கையிலே பருமனுக்கேற்ற பாரம் இருக்கவேண்டும். பருமனாயிருந்தும் பாரமில்லாத காய் உள்ளே வெறும் பஞ்சாகிவிட்டது. அது எண்ணெயையும் மிகுதியாகக் குடிக்கும்.

வீட்டிலே வெட்டியபின் விதைகளைப் பாருங்கள். வெண்மையாக இருந்தால் கவலையில்லை. மண்ணிறமாகிக் கடினப்பட்டிருந்தால் விதையுள்ள நடுப்பகுதியை அரிந்து நீக்கிவிடுங்கள். அதையே காரணமாகக் கொண்டு முழுக் காயையும் எறிய வேண்டியதில்லை.

நல்ல காயும் வீட்டுக்கு வந்தபின் கெடலாம். கத்தரி வெப்பநாட்டுச் செடி. அதன் காய் கடுங்குளிரைத் தாங்காது. குளிர்சாதனப் பெட்டியில் பல நாள் வைத்தால் தோலிலே குழிகள் விழும். சதையும் விதையும் மண்ணிறமாகும். இரண்டு நாளுக்குள் சமைப்பதாயின் கடதாசியில் சுற்றி நிழலான இடத்தில் வைப்பதே போதும்.

இவற்றையெல்லாம் கவனித்தும் குழம்பு கைத்தால், குற்றம் காயினுடையதன்று, வெந்தயத்தினுடையதாக இருக்கலாம். தாளிக்கும்போது வெந்தயம் பொன்னிறத்தைக் கடந்து கறுத்துவிட்டால் குழம்பு முழுவதும் கைக்கும். கருகிய உள்ளியும் மிளகாய்த்தூளும் அவ்வாறே. யார் குற்றவாளி என்பதை அறிய எளிய வழி உண்டு. பொரித்த துண்டு ஒன்றைக் குழம்பில் இடுமுன் மென்று பாருங்கள். துண்டு கைக்காமல் குழம்பு கைத்தால் தாளிதத்திலேதான் பிழை. அயல்வீட்டிலும் அதுவே நிகழ்ந்தது. காய்க்கு மீண்டும் மீண்டும் எண்ணெய் ஊற்றும் பரபரப்பிலே, மறு அடுப்பிலிருந்த வெந்தயம் கருகிவிட்டது. பழி மாத்திரம் கத்தரிக்காயின்மேல் விழுந்தது.

குழையாதிருக்க

காயின் கலங்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருக்கும் பசை போன்ற பொருள் ஒன்று உண்டு. கொதிநீரில் நெடுநேரம் கிடந்தால் அது கரைந்துபோகும், காய் கூழாகும். புளிப்பு உள்ள நீரிலே அப்பொருள் எளிதில் கரைவதில்லை. இதனாலேதான் பழப்புளி சேர்ந்த குழம்பிலே காய் உருக்குலையாமல் நிற்கின்றது. முதலிலே வெறும் நீரிலோ பாலிலோ காயை அவித்துவிட்டு, இறுதியிலே புளியை ஊற்றுகின்றவர்கள் இந்த உதவியை இழந்துவிடுகின்றார்கள். புளி கொதித்தபின்னரே காய் செல்லவேண்டும்.

தோலும் துண்டைக் கட்டிக்காக்கும். ஆகவே அதைச் சீவி எறியாதீர்கள். காய் குழம்பிற்குச் சென்றபின் அகப்பையால் துழாவுதல் கூடாது. சட்டியின் இரு பக்கத்தையும் பிடித்து இலேசாக ஆட்டினால் போதும்.

முழுக் குழம்பு

இனி, இவ்விதிகளைக் கொண்டு நான்கு பேருக்குப் போதுமான ஒரு குழம்பைச் செய்வோம். அரைக் கிலோ காயை மேற்கூறியவாறு உப்பிட்டு, பிழிந்து, பொரித்து வைத்துக்கொள்ளுங்கள். தேசிக்காயில் பாதியளவு பழப்புளியை ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்து வடித்துவையுங்கள். அரை மூடித் தேங்காயிலிருந்து அரைக் கோப்பை முதற்பாலும் ஒரு கோப்பை இரண்டாம் பாலும் பிழிந்துகொள்ளுங்கள்.

மண்சட்டியிலே ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைக் காயவைத்து, அரைத் தேக்கரண்டி கடுகை இடுங்கள். கடுகு வெடித்தபின் பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயம், ஆறு பல் உள்ளி, இரண்டு பச்சைமிளகாய், ஒரு நெட்டுக் கறிவேப்பிலை ஆகியவற்றைச் சேர்த்து வதக்குங்கள். வெங்காயம் பொன்னிறமாகத் தொடங்கும்போது அரைத் தேக்கரண்டி வெந்தயத்தையும் அரைத் தேக்கரண்டி பெருஞ்சீரகத்தையும் இடுங்கள். வெந்தயத்தை முதலிலே எண்ணெயில் இடாமல் இவ்வாறு பிந்தி இடுவது அது கருகாதிருப்பதற்காகவே. வாசனை எழுந்தவுடன் புளிக்கரைசலையும் இரண்டாம் பாலையும் ஊற்றி, இரண்டு தேக்கரண்டி யாழ்ப்பாணத்துக் கறித்தூளைச் சேர்த்து, பச்சை வாசனை நீங்கிக் குழம்பு சற்றுத் தடிக்கும்வரை கொதிக்கவிடுங்கள். இதற்குப் பத்து நிமிடம் செல்லும்.

அதன்பின்னரே பொரித்த காயை இடவேண்டும். காய் ஏற்கெனவே வெந்தது. குழம்பின் சுவை ஊறுவதற்கு மெல்லிய தீயிலே நான்கைந்து நிமிடம் போதும். முதற்பாலை ஊற்றி, ஓரத்திலே கொதி தோன்றும்போதே இறக்கிவிடுங்கள். நெடுநேரம் கொதித்தால் பால் திரைந்து எண்ணெய் பிரியும். உப்பை இப்போது சுவைபார்த்துச் சேருங்கள். முன்னரே சேர்த்தால் மிஞ்சிவிடும். குழம்பு அரைமணி நேரம் ஆறியபின் பரிமாறினால் காயிலே புளியும் உறைப்பும் நன்கு சுவறியிருக்கும்.

நீராவி முறை

மேலே கூறிய முறை எண்ணெயைக் குறைக்குமேயன்றி அறவே நீக்காது. நெஞ்சுநோய் கண்ட அயல்வீட்டுப் பெரியவருக்கு அதுவும் அதிகம் எனலாம். அவருக்காகச் செய்தது வேறு.

நறுக்கிய துண்டுகளை உப்பிடாமல், தோற்பக்கம் கீழே இருக்கும்படி இடியப்பத் தட்டிலே ஒரே அடுக்காகப் பரப்பி, நீர் நன்றாகக் கொதித்தபின் தட்டை வைத்து, ஐந்து நிமிடம் மாத்திரம் அவிக்கவேண்டும். சூட்டினால் சதை தளர்ந்து வெளிகள் மூடிக்கொள்ளும். சதையின் வெண்மை மாறிக் கண்ணாடி போன்ற தெளிவு தோன்றும்போது எடுத்துவிட வேண்டும். கத்திமுனை தடையின்றிப் பாய்ந்தால் காலம் கடந்துவிட்டது. அவற்றைச் சுளகிலே பரப்பி, காற்றோட்டமான இடத்தில் அரைமணி நேரம் உலரவிட்டு, தட்டையான தாச்சியிலே இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயைக் காயவைத்து, இரு பக்கமும் சிவக்கும்வரை வாட்டியெடுக்கலாம். பிரட்டும்போது கரண்டியால் குத்தாமல், ஒவ்வொன்றாகத் திருப்பவேண்டும்.

முதற்பாலின் அளவையும் பாதியாக்கினார்கள். ஏனெனில் தேங்காய்ப்பாலின் கொழுப்பும் கொழுப்பே. எண்ணெயை மட்டும் எண்ணிப் பாலை மறந்துவிடுவது நம்மிடையே உள்ள பழக்கம்.

மாமியாருக்கு இதில் நம்பிக்கை இருக்கவில்லை. ஆகையால் மருமகள் ஒரே அளவான இரண்டு போத்தல்களிலே ஒரே மட்டத்துக்கு எண்ணெய் ஊற்றி, மட்டத்தைச் சுற்றி நூல் கட்டினாள். ஒரு வெள்ளிக்கிழமை பச்சைக் காயை ஒரு போத்தல் எண்ணெயிலே பொரித்து, மீந்ததை ஆறவைத்து அப்போத்தலிலேயே ஊற்றினாள். அடுத்த வெள்ளிக்கிழமை அதேயளவு காயை உப்பிட்டுப் பிழிந்து மற்றப் போத்தல் எண்ணெயிலே பொரித்தாள். இரண்டையும் யன்னற்கட்டிலே அருகருகே வைத்தபோது, இரண்டாவது போத்தலில் மட்டம் எவ்வளவோ உயர்ந்திருந்தது. மூன்றாம் முறை அவித்து வாட்டிய காய்க்கோ இரண்டு கரண்டிக்குமேல் எண்ணெய் எடுக்கவே இல்லை.

2022ஆம் ஆண்டு நெருக்கடிக் காலத்திலே எண்ணெயைக் கரண்டியால் எண்ணி ஊற்றிய அந்த மாமியார், போத்தல்களை உற்றுப் பார்த்தார்.

“இவ்வளவு எண்ணெயையும் இத்தனை வருடமாக நாங்கள்தானோ பிள்ளை குடித்தோம்?” என்றார்.

அவித்து வாட்டிய காயின் குழம்பு, பொரித்த காயின் குழம்பைப் போலவே இருக்கும் என்று கூறினால் அது பொய்யாகும். பொரித்த காயின் விளிம்பிலே உள்ள மொறுமொறுப்பும் வாசனையும் இதில் முழுமையாக இராது. ஆனால் துண்டு துண்டாக நிற்கும், கைக்காது, புளியும் உறைப்பும் உள்ளே சுவறியிருக்கும். பெரியவர் முதல் நாளே வித்தியாசத்தைக் கண்டுகொண்டார். “இது பொரிச்சதில்லை” என்றார். பின்பு கோப்பையை முன்னே நகர்த்தி, இன்னும் ஓர் அகப்பை குழம்பு கேட்டார்.